அத்தியாயம் 7: இறங்கும் லாரியிலிருந்து ஏறும் வண்டிக்கு

நுகர்பொருள் விநியோகத்தில் ஒரு பெட்டி சோப்பு குடோனுக்குள் வந்து, அட்டி போட்டு, இரண்டு நாள் கிடந்து, மறுபடி அட்டி பிரித்து வெளியே போகிறது. இதில் இறக்குக்கூலியும் ஏற்றுக்கூலியும் தவிர்க்க முடியாதவை. நடுவில் அட்டி போடுவதும் பிரிப்பதும்தான் மிச்சப்படுத்தக்கூடிய செலவு. கடைக்காரர் நேற்றே ஆர்டர் கொடுத்துவிட்ட சரக்காக இருந்தால், அதை லாரியிலிருந்து இறக்கி, தரையில் லைன் வாரியாகப் பிரித்து, சில மணி நேரத்தில் லைன் வண்டியில் ஏற்றிவிடலாம். இதுதான் கிராஸ் டாக்கிங். மதுரையின் பார்சல் சர்வீஸ் ஷெட்டுகளில் தினமும் நடப்பதும் இதுதான். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த மூட்டை அலமாரி ஏறாமலே ராமநாதபுரம் லாரிக்குப் போகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பார்சல் மூட்டையின் மேல் பெறுநரின் பெயர் எழுதியிருக்கும். டெப்போவிலிருந்து வரும் சோப்புப் பெட்டியில் எந்தக் கடையின் பெயரும் இருக்காது. அந்தப் பெயரை எழுதுவதுதான் இந்த அத்தியாயத்தில் இஆர்பி மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் வேலை.

கப்பலூர் பக்கம் ஒரு விநியோக மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு நல்ல இடம். ரிங் ரோடு உத்தங்குடியில் தொடங்கி இங்கேதான் முடிகிறது; மேலூர் வண்டி ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். சிவகங்கை, மானாமதுரை வண்டி விரகனூரில் பிரியும். வாடிப்பட்டி, சோழவந்தான் வண்டி நான்குவழிச் சாலையில் வடக்கே ஏறும். திருமங்கலம், உசிலம்பட்டி வண்டிக்கு இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். நகர வண்டி ஒன்றுதான் போக்குவரத்து நெரிசலுக்குள் நுழைய வேண்டும். கீழமாசி வீதி மளிகைக் கடைகள் திறந்து கூட்டம் சேர்வதற்குள் அது சரக்கை இறக்கியாக வேண்டும். ஆகவே கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வண்டிகள் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால், ஏற்றுவது ஐந்து மணிக்குள் தொடங்க வேண்டும், பிரிப்பது நான்கரைக்குள் முடிய வேண்டும், லாரி ஒன்றரை மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். கோயம்புத்தூர் டெப்போவிலிருந்து மாலை ஏழு மணிக்குக் கிளம்பும் லாரிக்கு இது சாதாரணமாக முடிகிற காரியம்.

எந்தச் சரக்கு, எது வேண்டாம்

ஆர்டர் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். முழுப்பெட்டியாகவே போக வேண்டும். மையத்தில் தரச்சோதனை எதுவும் தேவைப்படக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை உடைத்து அரைப்பெட்டி, கால்பெட்டி என்று பிரித்துத் தர வேண்டிய பொருளை இதில் சேர்க்காதீர்கள். இரவு மூன்று மணிக்குப் பெட்டி உடைக்க உட்கார்ந்தால் ஆறு மணி வண்டி ஏழரைக்குத்தான் போகும்.

நான்காவது நிபந்தனை ஒன்று இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். காலாவதித் தேதி உள்ள பொருளில் பழைய பேட்ச் குடோனில் மிச்சம் இருக்கும்போது புதிய பேட்ச்சை நேரே வண்டிக்கு அனுப்பினால், பழையது அப்படியே தங்கிவிடும். கிராஸ் டாக்கிங் நன்றாக ஓடும் மையத்தில்தான் இந்த நோய் அதிகம். புதுச் சரக்கு தினமும் வெளியே போய்க்கொண்டே இருப்பதால் பழைய அட்டியை யாரும் தொடுவதில்லை. மூன்று மாதம் கழித்து அது காலாவதிச் சரக்காகக் கணக்கில் வந்து நிற்கும், கம்பெனி அதைத் திரும்ப எடுக்குமா என்ற பேச்சும் கூடவே வரும். எனவே ஒரு பொருளை இந்த வழியில் விடுவதற்கு முன் குடோனில் அதன் கையிருப்பு பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் இன்றைய ஆர்டர்களை முதலில் பழைய பேட்ச்சிலிருந்து நிரப்பி, மீதிக்கு மட்டும் லாரியை நம்புங்கள்.

மென்பொருளில் அமைப்பது

இங்கே ஓடூவை எடுத்துக்கொள்கிறேன். சிறிய, நடுத்தர மையங்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பது அது. இந்த வேலைக்கான வழி அதற்குள் தயாராகவும் இருக்கிறது. திரையில் வரும் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும், அடிப்படை மாறாது.

`Inventory` பகுதியின் அமைப்புகளில் `Multi-Step Routes` என்பதை இயக்குங்கள். `Storage Locations` கூடவே இயங்கும். பிறகு உங்கள் குடோனின் பக்கத்தைத் திறந்து, வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் இரண்டு படி முறையைத் தேர்ந்தெடுங்கள். உடனே `WH/Input`, `WH/Output` என்ற இரண்டு இடங்கள் உருவாகும். முதலாவது, லாரி இறக்கும் தளம். இரண்டாவது, லைன் வண்டிக்காகச் சரக்கு காத்திருக்கும் தளம். இரண்டுக்கும் நடுவே `WH/Stock` இருக்கிறது, அதுதான் அட்டி போடும் குடோன். இரண்டு பக்கமும் இரண்டு படி ஆனதும் `Cross-Dock` என்ற வழி தானாகவே பட்டியலில் தோன்றும். அதன் விதி எளியது: உள் தளத்திலிருந்து நேரே வெளித் தளத்துக்கு, நடுவில் குடோன் கிடையாது.

இனி ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். இந்த வழியைப் பொருளின் பக்கத்தில் டிக் செய்யலாம். அப்படிச் செய்தால் அந்தப் பொருளுக்கு வரும் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு கொள்முதலைக் கிளப்பும். குடோனில் ஐம்பது பெட்டி கிடந்தாலும் மென்பொருள் அதைத் திரும்பிப் பார்க்காது. மேலே சொன்ன பழைய பேட்ச் நோய் வருவது இப்படித்தான். ஆகவே பொருளில் `Buy` மட்டும் இருக்கட்டும், சப்ளையர் பெயரும் இருக்கட்டும். `Cross-Dock` வழியின் பக்கத்தில் `Sales Order Lines` என்பதை டிக் செய்துவிட்டால், ஒவ்வொரு விற்பனை ஆர்டரின் வரியிலும் இந்த வழியைத் தனித்தனியாகக் கொடுக்க முடியும். ஆர்டரை உறுதி செய்பவர் கையிருப்பைப் பார்த்து, எந்த வரி குடோனிலிருந்து, எந்த வரி லாரியிலிருந்து என்று அங்கேயே தீர்மானிக்கிறார். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன். முதல் தடவை ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு கடை என்று சோதனை ஆர்டர் போட்டு, கொள்முதல், வரவு, இடமாற்றம், டெலிவரி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோத்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆர்டர்கள் உறுதியாகும்போது அதே சப்ளையருக்கான வரைவுக் கொள்முதலில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வரும். அந்த வரைவை நீங்கள் உறுதி செய்த நொடியில் கதவு சாத்தப்படும். அதன் பிறகு வரும் ஆர்டர் புதிய வரைவாக, அடுத்த லாரிக்குப் போகும். எனவே ஆர்டரை மூடும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். மதியம் ஒரு மணி என்றால் ஒரு மணிதான். சேல்ஸ்மேன் இரண்டு மணிக்குப் போன் செய்து ஒரு பத்துப் பெட்டியை மட்டும் சேர்க்கச் சொல்வார். அதைச் சேர்த்தால் டெப்போ ஏற்றும் சரக்குக்கும் உங்கள் கணினியில் இருக்கும் ஆர்டருக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

மாலையில் லாரி ஏறியதும் டெப்போவிலிருந்து இன்வாய்ஸ் விவரம், பேட்ச் எண், லாரி எண் ஆகியவை வர வேண்டும். வாட்ஸ்அப்பில் இன்வாய்ஸின் படம் வந்தால் போதாது. வரிசைக்கு ஒரு பொருள், அளவு, பேட்ச், எம்.ஆர்.பி. என்று எக்செல் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள், அதை வரவு ஆவணத்தில் ஏற்றிவிடலாம். எம்.ஆர்.பி. மாறியிருந்தால் அது இரவு எட்டு மணிக்கே தெரிந்துவிடும். தெரியாமல் விட்டால் காலை ஐந்து மணிக்கு பில் போடும்போது தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஓர் இரவு, ஒரு பொருள்

குளியல் சோப்பு, ஒரே அளவு. ஐந்து லைன்களில் சேர்ந்த ஆர்டர் 480 பெட்டி: நகரம் 170, மேலூர் 90, திருமங்கலம்–உசிலம்பட்டி 110, வாடிப்பட்டி–சோழவந்தான் 60, சிவகங்கை–மானாமதுரை 50. டெப்போ இன்வாய்ஸும் 480.

லாரி வாசலில் நின்றதும் வாட்ச்மேன் வாசல் பதிவைப் போடுகிறார்: லாரி எண், சீல் எண், வந்த நேரம். சீல் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்ட பிறகுதான் சீலை வெட்ட வேண்டும். தரையில் லைனுக்கு ஒரு கட்டமாகப் பெயின்ட் அடித்து, எதிர்ச் சுவரில் லைன் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள். அதிகச் சரக்கு போகும் நகரக் கட்டம் இறக்கும் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் லோடுமேன்களின் நடை குறையும். லாரியின் வால்பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரோடு நிற்கிறார். ஒவ்வொரு பெட்டியும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எண்ணி முடித்தால் வந்தது 456. அதில் 6 பெட்டி நனைந்திருக்கிறது. கொடுக்கக்கூடியது 450. முப்பது பெட்டி குறைவு.

கிராஸ் டாக்கிங்கின் உண்மையான சோதனை இந்த நிமிடத்தில்தான். குடோன் முறையில் பற்றாக்குறை வந்தால் கையிருப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். இங்கே கையிருப்பு இல்லை, யாரோ ஒரு கடைக்காரருக்குக் குறைத்தே ஆக வேண்டும். மென்பொருளைச் சும்மா விட்டால் அது தன் உள்வரிசைப்படி சிலருக்கு முழுசாக ஒதுக்கி, கடைசியில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். லோடுமேன்களிடம் விட்டால் முதலில் வந்து நிற்கும் வண்டி நிரம்பிவிடும். இரண்டும் நியாயமில்லை. விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நான் ஏற்கும் விதி அடுத்த வண்டி எப்போது என்பதை வைத்தது. சிவகங்கை லைனுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வண்டி, உசிலம்பட்டி லைனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொள்வோம். அங்கே இன்று குறைத்தால் கடை பல நாள் காலியாக நிற்கும். ஆகவே அந்த இரண்டுக்கும் முழுசாக 50, 110 என்று 160 பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். மீதி 290. தினசரி வண்டி போகும் மூன்று லைன்களின் ஆர்டர் 170, 90, 60 சேர்த்து 320. இதை விகிதப்படி பிரிக்க வேண்டும். எக்செலில் B2 முதல் B4 வரை ஆர்டர்களையும், F1-ல் 290-ஐயும், F2-ல் 320-ஐயும் வைத்தால், முதல் லைனுக்கு இது போதும். அப்படியே கீழே இழுத்துவிடலாம்:

```
=INT(B2*$F$1/$F$2)
```

நகரத்துக்கு 154, மேலூருக்கு 81, வாடிப்பட்டிக்கு 54 என்று வரும். கூட்டினால் 289, ஒரு பெட்டி மிச்சம். பின்னம் எதில் அதிகமோ அதற்குக் கொடுங்கள். மேலூரின் உண்மையான பங்கு 81.56 என்பதால் அது 82 ஆகிறது. நகரம் 16, மேலூர் 8, வாடிப்பட்டி 6 என்று முப்பது பெட்டிக் குறைவும் தினசரி லைன்களில் பரவிவிட்டது; அடுத்த நாள் வண்டியிலேயே அவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். லைனுக்கு வந்த எண்ணிக்கையைக் கடைகளுக்குப் பிரிக்கவும் இதே கணக்குதான்.

இந்த அளவுகளை இடமாற்ற ஆவணங்களில் பதிந்து உறுதி செய்யுங்கள். குறைந்த அளவுக்கு மென்பொருள் `Backorder` உருவாக்கவா என்று கேட்கும். டெப்போ பாக்கியை அடுத்த லாரியில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டால் மட்டும் சம்மதம் சொல்லுங்கள். இல்லையென்றால் வராத சரக்குக்கான பாக்கி ஆவணங்கள் வாரக்கணக்கில் சேர்ந்து, உண்மையான பாக்கி எது என்றே தெரியாமல் போகும். நனைந்த 6 பெட்டியும் வந்த சரக்குதான், அதனால் வரவில் 456 என்றே பதியுங்கள். பிறகு அந்த ஆறைத் தனி டேமேஜ் இடத்துக்கு மாற்றுங்கள். வராத 24 பெட்டிக்கும் நனைந்த 6 பெட்டிக்கும் கோரிக்கை வேறு வேறு: முன்னது டெப்போவின் ஏற்றுக்கணக்கைப் பற்றியது, பின்னது பெரும்பாலும் லாரிக்காரரின் தார்பாயைப் பற்றியது. டிரைவர் போவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பில் எப்போது

கடை பில்களை முந்தின மாலையே அடித்து வைப்பது குடோன் முறையின் பழக்கம். கிராஸ் டாக்கிங்கில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். மேலே பார்த்த இரவில் முன்கூட்டியே பில் போட்டிருந்தால் மூன்று லைன்களில் பல கடைகளின் பில் தப்பாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு, ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்குப் போடும் பில் இ-இன்வாய்ஸாகவே இருக்க வேண்டும். போர்ட்டலில் அதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. எனவே ஸ்கேன் முடிந்து, ஒதுக்கீடு உறுதியாகி, வெளித் தளத்தில் சரக்கு நின்ற பிறகே பில். நான்கரை மணிக்கும் ஐந்தரை மணிக்கும் நடுவில் இந்த வேலை முடிய வேண்டும் என்பதால், பில் போடும் ஊழியரின் பணிநேரத்தை அதிகாலைக்கு மாற்றாமல் கிராஸ் டாக்கிங்கைத் தொடங்காதீர்கள்.

இ-வே பில்லைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் ஒரு சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் தேவை. டெப்போவிலிருந்து வரும் லாரிக்கு அது கட்டாயம் இருக்கும். சில்லறைக் கடைகளுக்கான தனித்தனி பில்கள் பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருக்கும். நகரத்து மொத்தக் கடைகளின் பில்லைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டெப்போ லாரியின் இ-வே பில் உங்கள் வாசலோடு முடிந்தது. அதைக் காட்டி லைன் வண்டியை அனுப்ப முடியாது.

ஆறரை மணிச் சோதனை

வண்டிகள் கிளம்பியதும் மேற்பார்வையாளர் ஒரே ஒரு அறிக்கையைத் திறக்க வேண்டும்: `WH/Input`, `WH/Output` இரண்டிலும் என்ன இருக்கிறது. சரியாக நடந்த இரவில் இரண்டும் பூஜ்யம். பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த எண்ணே நடந்ததைச் சொல்லும்.

உள் தளத்தில் 12 பெட்டி நிற்கிறது, வெளித் தளத்தில் அதே பொருள் மைனஸ் 12 காட்டுகிறது என்றால், வரவில் ஸ்கேன் ஆன பன்னிரண்டு பெட்டி இடமாற்றம் பதியாமலே வண்டிக்குப் போயிருக்கிறது. அவசரத்தில் லோடுமேன் தோளிலிருந்து தோளுக்கு மாற்றியிருப்பார். சரக்கு நஷ்டம் இல்லை, பதிவு மட்டும் திருத்த வேண்டும். உள் தளத்தில் 12 இருந்து வெளித் தளம் பூஜ்யமாக இருந்தால் நேரே தளத்துக்குப் போய்ப் பாருங்கள். பெட்டி அங்கே இருந்தால் ஆர்டர் இல்லாத சரக்கு வந்திருக்கிறது, குடோனுக்கு மாற்றுங்கள். பெட்டி அங்கே இல்லையென்றால் இரண்டு முறை ஸ்கேன் ஆகி வரவு கூடியிருக்கலாம், அல்லது பில் இல்லாமல் ஏதோ ஒரு வண்டியில் ஏறியிருக்கலாம். வண்டிகள் திரும்புவதற்குள் டெலிவரி மேன்களுக்குப் போன் செய்ய வேண்டும். வெளித் தளத்தில் மட்டும் மிச்சம் இருந்தால் வண்டியில் இடம் போதாமல் விட்டுப்போயிருப்பார்கள். இது அடிக்கடி ஒரே லைனில் நடந்தால் டாடா ஏஸ் அந்த லைனுக்குப் போதவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டால் பயன் போய்விடும். மறுநாள் இரவு அடுத்த லாரி இறங்கியதும் இரண்டு நாள் எண்களும் கலந்துவிடும், எந்தப் பெட்டி எந்த இரவுடையது என்று பிரிக்க முடியாது.

டாலியில் கணக்கு வைத்திருப்பவர்களும் இதன் பாதியைச் செய்யலாம். உள் தளம், வெளித் தளம் என்று இரண்டு குடோன் பெயர்களை உருவாக்கி, வரவுக்கு `Receipt Note`, போவதற்கு `Delivery Note`, நடுவே `Stock Journal` என்று பதிந்தால் ஆறரை மணிச் சோதனை அங்கும் வேலை செய்யும். ஆர்டரையும் கொள்முதலையும் தானாகக் கோக்கும் வேலையை அது செய்யாது, அதை எக்செலில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை நாட்கள்

சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் லைன் வண்டி போக முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையைக் கடப்பதே பெரும்பாடு. அதே நாட்களில்தான் குளிர்பானமும் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் மற்ற நாட்களை விட வேகமாகப் போகும். லாரி வந்து, வண்டி நகருக்குள் போக முடியாமல், ஏற்றிய சரக்கை மறுபடி இறக்கி அட்டி போடும் நிலை வந்தால் கூலி இரட்டிப்பாகும், வெளித் தளம் அடைந்து மற்ற லைன்களும் தாமதமாகும்.

ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே நகர லைனை மட்டும் இந்த முறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த லைனின் ஆர்டர் வரிகளில் `Cross-Dock` கொடுக்க வேண்டாம். சரக்கை முன்கூட்டியே குடோனில் சேர்த்து வைத்து, சாலை திறந்திருக்கும் நேரம் பார்த்து அனுப்புங்கள். மற்ற நான்கு லைன்களும் வழக்கம்போல் ஓடட்டும், மேலூர் வண்டி மட்டும் அழகர் கோயில் சாலைப் பக்கம் போகாமல் ரிங் ரோட்டிலேயே போகட்டும். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, குடோனில் சேர்த்த சரக்கு தீர்ந்து கையிருப்பு பூஜ்யம் ஆன பொருளாகப் பார்த்து ஒவ்வொன்றாக நகர லைனை மறுபடி கிராஸ் டாக்கிங்குக்குக் கொண்டுவாருங்கள்.